மாடு கன்று ஈனும்போது எதுவரை காத்திருக்கலாம்?

மாடு வலியெடுத்துக் கத்துவதையும், படுத்துக்கொண்டு கால்களை உதைத்து முக்குவதையும் கண்டால் வீட்டில் இருப்பவர்கள் பதறுகிறார்கள். வலியெடுத்த மாடு சற்று நேரத்தில் அடங்கி நின்றுவிட்டால், பொய்வலி என்று எண்ணி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். நாமக்கல் மாவட்டத்தில் கலப்பின மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் கட்டுத்தரையிலும் அக்கம்பக்கத்திலும் பார்த்தவரை, இந்த இரண்டில் பெரும்பாலும் ஆபத்தானது இரண்டாவதுதான். பலமாக முக்குகிற மாட்டின் கன்று பிறப்புவழிக்குள் வந்துவிட்டது என்பதையாவது நாம் ஊகிக்கலாம். வலியெடுத்தும் முக்காத மாட்டின் கன்று அந்த வழிக்கே வரவில்லை என்று பொருளாக இருக்கலாம். ஆகவே மாடு எவ்வளவு வேதனைப்படுகிறது என்பதைவிட, கடந்த ஒரு மணி நேரத்தில் என்ன முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கடிகாரமும், கட்டுத்தரைச் சுவரில் எழுத ஒரு கரித்துண்டும் போதும்.

கலப்பின மாடுகளுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருந்தால் கடைசிப் பத்து நாட்களில் எப்போது கண்விழிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஈனுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் வாலின் அடிப்பகுதிக்கு இருபுறமும் உள்ள தசைநார்கள் தளர்ந்து குழி விழும். அதுவரை விரலுக்கு விறைப்பாகத் தட்டுப்பட்ட நார், இப்போது அழுத்தினால் உள்ளே போகும். பிறப்புவழியின் வெளிவாயான அறை தடித்துத் தொங்கும். கண்ணாடி போன்ற கெட்டியான கோழை நீளமாக வடியும். மடி இறுகிக் காம்புகள் பளபளக்கும். இவை எல்லாம் நாள் நெருங்கிவிட்டதைச் சொல்லும் அடையாளங்கள்தாம். பேறு தொடங்கிவிட்டது என்பதற்கான சான்றுகள் அல்ல. மடி இறுகிய பிறகும் ஒரு வாரம் கழித்து ஈனுகிற மாடுகள் உண்டு.

பேறு மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில் கருப்பை சுருங்கி விரியத் தொடங்கும். கருப்பையின் வாய் மெல்லத் திறக்கும். கன்று உள்ளே திரும்பி, வெளியே வருவதற்கேற்ற நிலைக்கு வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாட்டின் அமைதியின்மை மட்டுமே தெரியும். தீவனத்தைப் பாதியில் விட்டுவிடும். வாலைத் தூக்கியபடி நிற்கும். படுக்கும், எழும், திரும்பித் தன் விலாவைப் பார்க்கும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீரும் சாணமும் போடும். முன்பே ஈன்ற மாட்டுக்கு இந்தக் கட்டம் இரண்டு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும். முதல் ஈத்துக் கிடேரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். இந்த நேரத்தில் மாட்டை வெளிச்சம் குறைந்த, வழுக்காத, வைக்கோல் பரப்பிய இடத்தில் விட்டுவிட்டு நாம் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. சுற்றிலும் ஆட்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தால், குறிப்பாகக் கிடேரிகள், வலியை அடக்கிக்கொண்டு நின்றுவிடும். பனிக்குடம் உடைந்தாலோ, அது அறைக்கு வெளியே தெரிந்தாலோ முதற்கட்டம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முதற்கட்டத்தில் பனிக்குடமே வராமல் போனால் என்ன செய்வது என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் பக்கத்தில் அதிகமான கன்றுகள் சாவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. எங்களிடம் இருந்த ஜெர்சி கலப்பின மாடு ஒன்றுக்கு அது நான்காம் ஈத்து. முந்தைய மூன்றையும் யாருடைய உதவியும் இல்லாமல் ஈன்றிருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குத் தவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. ஏழு மணிக்குப் படுத்து எழத் தொடங்கியது. பின்னங்காலால் வயிற்றை உதைத்தது. வால் பக்கம் ஆழமாகக் குழி விழுந்திருந்தது. இப்படிப்பட்ட மாடு ஒன்பது மணிவாக்கில் பனிக்குடத்தைக் காட்டியிருக்க வேண்டும். பத்து மணிக்கும் ஒன்றும் இல்லை. பத்தரை மணிக்கு உதைப்பது குறைந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு அமைதியாக நின்றது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, “வலி விட்டுப்போச்சு கண்ணு, பொய்வலிதான். விடியட்டும், பார்த்துக்கலாம்” என்றார். அவர் நூறு மாடுகளுக்குக் கன்று எடுத்தவர். அவருடைய கை அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுவரில் எழுதியிருந்த நேரங்கள் வேறொன்றைச் சொல்லின. ஈன்று பழகிய மாடு, வலி தொடங்கி மூன்றரை மணி நேரம் ஆகியும், பனிக்குடமும் காட்டவில்லை, முக்கவும் இல்லை. அதற்கு மேல் வலி அடங்கியும் போயிற்று. டார்ச் வெளிச்சத்தில் பின்னால் நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அறையின் மேல்மூலை நேராக இல்லாமல், யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்ததுபோல் ஒருபக்கமாக மடங்கி உள்வாங்கியிருந்தது.

மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்டவை சில கேள்விகள்தாம். “எத்தனாவது ஈத்துங்க? எப்ப இருந்து படுத்து எழுந்திருக்குது? பனிக்குடம் வந்துச்சா? முக்குதா?” பதில்களைக் கேட்டதும், “யாரும் உள்ளே கையை விட்டுப் பார்க்காதீங்க, ஊசி எதுவும் போட்டுறாதீங்க, பத்தடி நீளத்துல அகலமான பலகை ஒண்ணு தேடி வைங்க, ஆளுங்க நாலு பேர் வேணும்” என்றார். பலகை என்றவுடனேயே கருப்பை முறுக்கிக்கொண்டதைத்தான் அவர் ஐயப்படுகிறார் என்று புரிந்துவிட்டது.

மாட்டின் கருப்பை நிறைசினையில் வயிற்றுக்குள் தொங்கும் பெரிய பை போன்றது. அதைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் ஒருபுறமாகவே அமைந்திருப்பதால் பையின் மறுபுறம் அசைவுக்கு இடம் கொடுக்கிறது. மாடு எழும்போது முதலில் பின்பாதியைத் தூக்குகிறது. அந்த நொடியில் கனத்த கன்று உள்ளே பலமாகப் புரண்டால் பை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக்கூடும். எருமைகளில் இது இன்னும் அதிகமாக நடக்கிறது. முறுக்கு விழுந்துவிட்டால் கருப்பையின் வாய் பிழிந்த துணிபோல் இறுகிவிடும். கன்று அதற்கு அந்தப்புறம் நிற்கும். பனிக்குடம் வழிக்குள் வர முடியாததால் முக்கல் தூண்டப்படுவதில்லை. மாடு அமைதியாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். நேரம் செல்லச் செல்லக் கருப்பைக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்படும். முதலில் கன்று இறக்கும், பிறகு கருப்பைச் சுவரே கெட்டுப்போகும். மறுநாள் காலை வரை காத்திருந்தால் மாட்டையும் இழக்க நேரிடலாம்.

மருத்துவர் வந்து உறையணிந்து கையைச் செலுத்திப் பார்த்துவிட்டு, வழி சுருள் சுருளாக மடிந்து வலதுபுறமாகத் திரும்பியிருக்கிறது என்றார். மாட்டை வலதுபுறம் தரையில் படும்படி மெல்லச் சாய்த்தோம். முன்னங்கால்களைத் தனியாகவும் பின்னங்கால்களைத் தனியாகவும் கட்டினோம். பலகையின் ஒரு முனை தரையில் இருக்க, மற்றப் பகுதியை மேலே தெரியும் இடது விலாவின் மீது சாய்த்து வைத்து, ஒருவரை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். பிறகு தலையைப் பிடித்தவரும் கால்கயிறுகளைப் பிடித்தவர்களும் ஒரே நேரத்தில் இழுத்து, மாட்டை முதுகின் வழியாக மறுபக்கத்துக்கு நிதானமாகப் புரட்டினோம். பலகை உள்ளிருக்கும் கருப்பையை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, முறுக்கிய திசையிலேயே உடல் திரும்பிவந்து அதைச் சமன் செய்துகொள்கிறது. செய்முறையின் தத்துவம் இவ்வளவுதான். முதல் முறை அவிழவில்லை. மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து புரட்டியபோது, உள்ளே கை வைத்திருந்த மருத்துவர் “விட்டிருச்சு” என்றார். உடனே நீர் பெருகி வந்தது. கருப்பையின் வாய் ஓரளவு திறந்திருந்ததால் அரைமணி நேரத்தில், இழுத்து உதவி, உயிருள்ள கிடேரிக் கன்றை எடுக்க முடிந்தது. வாய் திறக்காமல் இறுகிப்போயிருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று பிறகு சொன்னார்.

கன்றின் பின்புறம் மட்டும் வழியை நோக்கி, பின்னங்கால்கள் இரண்டும் அதன் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் நிலையிலும் வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இதே அமைதிதான் தெரியும். வழிக்குள் எதுவும் நுழையாததால் மாடு முக்காது. வால் நுனி மட்டும் கைக்குத் தட்டுப்படலாம். எனவே முன்பே ஈன்ற மாட்டுக்கு ஆறு மணி நேரத்திலும், கிடேரிக்குப் பன்னிரண்டு மணி நேரத்திலும் முதற்கட்டம் முடியவில்லை என்றால் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் அழைத்துவிட வேண்டும். தெளிவாகத் தொடங்கிய வலி நடுவில் அடங்கினாலோ, அறை ஒருபக்கம் உள்வாங்கினாலோ அந்தக் கெடுவுக்கும் காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் கட்டம் பனிக்குடம் தெரிவதிலிருந்து கன்று வெளியே விழும் வரை. இதில்தான் மாடு படுத்து முக்கும். பழகிய மாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரமும், கிடேரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகக்கூடும். பனிக்குடத்தை நகத்தால் கிள்ளி உடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது வழியை விரித்துக்கொண்டு வருவதால் தானாக உடைய விடுவதே நல்லது. நீர் தெளிவாகவோ சற்றே மங்கலாகவோ இருந்தால் கவலையில்லை. மஞ்சளும் பழுப்புமாக இருந்தால் கன்று உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அதாவது மூச்சுக்குத் திணறுகிறது என்று பொருள். துர்நாற்றம் அடித்தால் கன்று இறந்து நேரமாகியிருக்கலாம். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் மணிக்கணக்கு பார்க்க வேண்டியதில்லை, உடனே அழைக்க வேண்டும்.

பனிக்குடத்துக்குப் பின் குளம்புகள் தெரியும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்துவிடலாம். சரியாக வரும் கன்றின் இரண்டு முன்னங்குளம்புகள், உள்ளங்கால் தரையைப் பார்த்தபடி, ஒன்று சற்று முந்தியும் மற்றது பிந்தியும் வரும். அவற்றின் மேல் மூக்கு படிந்திருக்கும். உள்ளங்கால் வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அவை பின்னங்கால்கள். ஐயமிருந்தால் சுத்தமாகக் கழுவிய கையால் காலைத் தடவிக்கொண்டே போக வேண்டும். குளம்புக்கு மேல் உள்ள முதல் மூட்டும் அதற்கு மேல் உள்ள மூட்டும் ஒரே திசையில் மடங்கினால் அது முன்னங்கால். எதிரெதிர்த் திசையில் மடங்கினால் பின்னங்கால். பின்னங்கால் முந்தும் கன்றும் இயல்பாகவே பிறக்கக்கூடும். ஆனால் அதன் இடுப்பு வெளிவரும்போது தொப்புள்கொடி நசுங்கும். தலையோ இன்னும் உள்ளே நீருக்குள் இருக்கும். அதனால் இழுக்கத் தொடங்கிவிட்டால் சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், மருத்துவர் அருகில் இல்லாமல் அதைத் தொடங்குவது நல்லதல்ல.

ஒரு குளம்பும் மூக்கும் மட்டும் தெரிவது, இரண்டு குளம்புகள் தெரிந்தும் தலை கைக்கு எட்டாதது, தலை மட்டும் வந்து நாக்கு வீங்கித் தொங்குவது, மூன்று கால்கள் தெரிவது ஆகிய நான்கும் காத்திருக்கும் நிலைகள் அல்ல. மடங்கிய காலையோ திரும்பிய கழுத்தையோ நேராக்குவதற்குக் கன்றைச் சற்று உள்ளே தள்ள வேண்டும். மாடு எதிர்த்து முக்கிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்வதற்குப் பயிற்சியும், சிலவேளை மாட்டின் முக்கலை அடக்கும் ஊசியும் தேவைப்படும். நிலை சரியாகத் தெரிந்தாலும், பனிக்குடம் தெரிந்து ஒரு மணி நேரமாகியும் குளம்பு வராவிட்டாலோ, குளம்பு தெரிந்த பின் நன்றாக முக்கியும் பழகிய மாட்டில் அரைமணியும் கிடேரியில் ஒரு மணியும் கடந்து எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டாலோ அழைக்க வேண்டும். முன்னேற்றம் என்று நான் சொல்வது, கணுக்கால் தெரிந்த இடத்தில் முழங்கால் தெரிவது போன்ற கண்ணால் காணும் மாற்றத்தை.

இழுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளம்புகளும் தலையும் நேராக வந்திருப்பது உறுதியானால் மட்டும், கணுவுக்கு மேல் சுத்தமான கயிற்றைச் சுருக்கிட்டு, வழியில் நிறைய எண்ணெய் தடவி, மாடு முக்கும்போது மட்டும், ஒருமுறை ஒரு காலையும் அடுத்தமுறை மற்றதையும் இழுக்கலாம். மாடு ஓயும்போது நாமும் ஓய வேண்டும். தலையும் மார்பும் வந்த பிறகு நேராக இழுக்காமல் மாட்டின் பின்னங்கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். இரண்டு ஆள் பலத்துக்கு வராத கன்று நான்கு ஆள் பலத்துக்கு வந்தால், அது மாட்டின் இடுப்பு நரம்பையோ கருப்பையையோ கிழித்துக்கொண்டுதான் வரும். சிறிய கிடேரிக்குப் பெரிய உடலமைப்புள்ள ஹோல்ஸ்டீன் இன விந்து ஊசி போட்ட வீடுகளில் இந்த நெருக்கடியை அடிக்கடி பார்க்கிறேன். கிடேரிக்கு ஜெர்சி ஊசி கேட்டுப் போட்டுக்கொள்வது பேறுகாலச் செலவைவிட மலிவானது. வலி வர ஊசி போடுகிறேன் என்று யாராவது ஆக்சிடோசினோடு வந்தால், மருத்துவர் உள்ளே சோதித்துச் சொல்லும்வரை தடுத்துவிட வேண்டும். வாய் திறக்காத, அல்லது கன்று குறுக்கே கிடக்கும் கருப்பை அந்த மருந்தின் வேகத்தில் கிழிந்துவிடக்கூடும்.

நன்றாகக் கறக்கும், மூன்று நான்கு ஈத்து கண்ட மாடு முக்கத் தொடங்கிப் பாதியில் சோர்ந்து, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக்கொண்டால் அது களைப்பல்ல. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைவதால் வரும் பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் குளிர்ந்துதான் இருக்கும். கருப்பைத் தசைக்கும் அதே சத்து வேண்டியிருப்பதால் பேறு நின்றுவிடுகிறது. அந்த நிலையில் வாய்வழியாகக் கஷாயமோ வெல்லத் தண்ணீரோ ஊற்றினால், விழுங்கும் வலிமை இல்லாததால் நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பில் கால்சியம் ஏற்றுவதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

மருத்துவரின் எண்ணோடு, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணையும் குறித்து வைத்து, நம் பகுதியில் அது எந்த நேரம் வரை வருகிறது என்று சினைக்காலத்திலேயே கேட்டுவைக்க வேண்டும். அவர் வருவதற்குள் இரண்டு வாளி வெந்நீர், சோப்பு, வெளிச்சம், கயிறு, வழுக்காத தரை ஆகியவை தயாராக இருந்தால் போதும்.

மூன்றாம் கட்டம் நஞ்சுக்கொடி விழுவது. எட்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தால் தங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். தொங்கும் கொடியில் கல்லையோ செருப்பையோ கட்டுவதும் கையால் பிடுங்குவதும் ஒட்டியிருக்கும் இடத்தில் புண்ணாக்கி, சில நேரம் கருப்பையையே வெளியே இழுத்துவிடும். கொடி தங்கிவிட்டால், மாடு தின்றுகொண்டு நலமாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தினமும் வெப்பநிலை பார்க்க வேண்டும். காய்ச்சல், நாற்றமான நீர், தீவனம் மறுப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். விழுந்த கொடியைக் கையுறையோடு எடுத்து, நாய் இழுக்காதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். கருச்சிதைவு நோய்க் கிருமி அதன் வழியாக மனிதருக்கும் வரும்.

கொடிக்குப் பதிலாகச் சிவந்த, குமிழ் குமிழான பெரிய சதைப்பையே வெளியே வந்து தொங்கினால் அது கருப்பை வெளித்தள்ளல். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழைத்துவிட்டு, மாட்டை எழுந்து நடக்கவிடாமல் அமர்த்தி, பையைச் சுத்தமான ஈரத்துணியில் ஏந்தி, அறையின் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாமாக அதை உள்ளே தள்ள முயலக் கூடாது. மருத்துவர் வந்து கழுவி, வீக்கம் குறைத்து, முழுமையாக உள்ளே திருப்பி வைக்கும்வரை துணி உலராமல் வெதுவெதுப்பான நீரைத் தெளித்துக்கொண்டிருந்தால் போதும்.